நிழலுக்குள் வந்த அலைகள்

நிலநடுக்க மையத்திலிருந்து 104 பாகைக்கும் 142 பாகைக்கும் இடையே உள்ள நிலையங்களை நேரடி முதன்மை அலைகள் எட்டுவதில்லை. 2,900 கி.மீ. ஆழத்தில் உட்கருவினுள் புகும் அலை வேகம் குறைந்து உள்நோக்கி வளைவதால் விளையும் நிழல் அது. திரவத்தில் பரவ இயலாத இரண்டாம் நிலை அலைகளோ 104 பாகைக்கு அப்பால் நேராக வருவதே இல்லை. ஆயினும், உட்கரு திரவமே என்பதை 1926இல் ஜெஃப்ரீஸ் நிறுவியது வேறொரு சான்றால்: கடலோத விசைக்குப் புவி இணங்கும் அளவு, மூடகத்தின் விறைப்புக்குப் பொருந்தாத அளவு மிகுதியாக இருந்தது.

எனினும் 1929இல் நியூசிலாந்தின் மர்ச்சிசன் நிலநடுக்கம் அந்த நிழலுக்குள்ளும் முதன்மை அலைகளைப் பதித்தது. உட்கருவின் விளிம்பில் ஏற்படும் விளிம்பு விளைவே காரணம் என்று அதுவரை கருதப்பட்டது. டென்மார்க்கின் இங்கே லேமன் அதை ஏற்கவில்லை. மூடகத்தில் நொடிக்கு 10 கி.மீ., உட்கருவில் 8 கி.மீ. என எளிய வேகங்களைக் கொண்டு கணக்கிட்டார். நடுவே வேகம் மிகுந்த சிறு கோளம் ஒன்றை வைத்தபோது, அதில் பட்டுத் திரும்பும் கதிர்கள் நிழலுக்குள்ளேயே வந்து சேர்ந்தன.

1936இல் வெளியான அக்கட்டுரை காட்டியது ஓர் எல்லையை மட்டுமே. உள்ளே இருப்பது திண்மம் என்னும் கருத்து 1940களில் பர்ச், புல்லன் ஆகியோரால் வலுப்பெற்றது. 1971இல் புவியின் இயல்பதிர்வுகளை ஆராய்ந்தபோதே அது உறுதியாயிற்று.