கடைசி க்ளிக்குக்கே மாலையா?

நாலு விளம்பரம் பார்த்துட்டு ஒருத்தர் பொருள் வாங்கினா, கடைசியா க்ளிக் பண்ணின விளம்பரம்தான் வித்துக் கொடுத்ததுன்னு நானும் நம்பிட்டிருந்தேன். ஈபே கதை அதை மாத்திடுச்சு.

2012 மார்ச்சில், அமெரிக்காவில் யாஹூ, எம்எஸ்என் தேடல்களில் 'ஈபே'ன்னு தேடுறவங்களுக்குக் காட்டின விளம்பரத்தை நிறுத்தினாங்க. ஒப்பிட்டுப் பார்க்க கூகிளில் மட்டும் தொடர்ந்தாங்க. என்னாச்சு? போயிருக்க வேண்டிய க்ளிக்குகளில் 99.5 சதவீதம், காசில்லாத சாதாரணத் தேடல் இணைப்பு வழியா வந்துடுச்சு!

கடைக்குள்ள நுழையுறவர் கையில வாசல்லயே நோட்டீஸைக் கொடுத்துட்டு, 'நோட்டீஸாலதான் வந்தார்'னு கணக்கெழுதின கதைதான்.

அப்புறம் பொருள் பெயர்களுக்கான விளம்பரத்தையும் கூகிளில் சில பகுதிகளில் மட்டும் நிறுத்திப் பார்த்தாங்க. அடிக்கடி வாங்குறவங்க எப்பவும் போல வாங்கினாங்க; ஈபேயை அதிகம் பழகாதவங்ககிட்ட மட்டும் விளம்பரம் வேலை செஞ்சிருந்தது.

ஈபே ஊரறிஞ்ச பேரு. யாருக்கும் தெரியாத சின்னக் கடைக்கு இதே விடை வரணும்னு இல்லைங்க. நிறுத்திப் பார்த்தாதான் தெரியும்.