சிக்னல் பிரதிபலிப்பும் டெர்மினேஷன் மின்தடையும்

எஃப்ஆர்-4 பலகையின் செம்புத் தடத்தில் சிக்னல் நானோவினாடிக்கு ஏறத்தாழ 15 செ.மீ. செல்லும். 15 செ.மீ. தடத்தில் போய்த் திரும்ப 2 நானோவினாடி ஆகும். அதற்குள், 1 நானோவினாடியில், சிக்னல் எழுந்துவிட்டால் பிரதிபலிப்பு வெளிப்படையாகத் தெரியும்.

50 ஓம் தடத்தை 17 ஓம் வெளியீட்டுத் தடையுள்ள 3.3 வோல்ட் சிப் இயக்கினால் சுமார் 2.5 வோல்ட் அலை புறப்படும். சீமாஸ் உள்ளீடு மின்னோட்டத்தை ஏறக்குறைய வாங்காததால் அலை முழுதாகத் திரும்ப, அங்கே மின்னழுத்தம் 4.9 வோல்ட்டை எட்டுகிறது. சிப்பை அடைந்த அலை, பாதியளவு தலைகீழாகி மீண்டும் ஓடும். ஆசிலாஸ்கோப்பில் காணும் அலைவு இதுதான்.

சிப்பின் காலை ஒட்டி 33 ஓம் மின்தடையைத் தொடராக வைத்தால் மொத்தம் 50 ஓம் ஆகிறது. 1.65 வோல்ட் புறப்பட்டு, மறுமுனையில் 3.3 ஆகி, திரும்பியதும் அடங்கிவிடும். தடத்தின் நடுவில் மட்டும் கடிகார உள்ளீட்டை இணைக்கக்கூடாது. அங்கே சிறிது நேரம் பாதி மின்னழுத்தமே நிற்கும்.