வாடகைப் பேரேடு

பல குடித்தனக்காரர்களை வைத்திருக்கும் வீட்டுக்காரர் வரவேண்டியது, வந்தது, பாக்கி, அட்வான்ஸ் ஆகியவற்றை எழுதிவைக்கும் கணக்கு. ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவது வழக்கம்.

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில், வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் உப்பளப் பாத்திகளில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களில் கூலியை நம்பி இருப்பவரின் வாடகை துண்டு துண்டாகத்தான் வரும். பேரேட்டுக்கு உண்மையான சோதனை அப்போதுதான். எடுத்துக்காட்டாக, வாடகை ரூ.3,000, கெடு 5ஆம் தேதி, அட்வான்ஸ் ரூ.9,000 என்று கொள்வோம். நவம்பரில் ரூ.1,000 வந்தால் பாக்கி 2,000. டிசம்பரில் ஒன்றும் வராவிட்டால் 5,000. ஜனவரி வாடகையும் சேர 8,000 ஆகும். அம்மாதம் 4,000 கொடுத்தால் மீதி 4,000.

ஜனவரியில் கொடுத்த 4,000 ரூபாயைப் பழைய பாக்கியில்தான் முதலில் கழிக்க வேண்டும். ‘ஜனவரி வாடகை வந்தது’ என்று மட்டும் எழுதினால் மழைக்காலப் பாக்கி ஏட்டிலிருந்தே மறைந்துபோகும். பல தகராறுகள் இங்கேதான் முளைக்கின்றன.

அட்வான்ஸ் வரவு அல்ல, திருப்பித் தரவேண்டிய கடன். அதற்குத் தனிப் பத்தி வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அது மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். மேற்கண்ட எடுத்துக்காட்டின் குடித்தனக்காரர் ஜனவரி முடிவில் காலிசெய்தால், மின்கட்டண நிலுவை எதுவும் இல்லாதபட்சத்தில், பாக்கி போகக் கைக்குத் திரும்புவது ரூ.5,000.