ஊதாவா, சிவப்பா? ஹாங்காங் 1894, ஓசூர், ஒரு கிராம் ஸ்லைடு

ஓசூரில் பூச்சிகளையும் விலங்குவழி நோய்களையும் ஆராயும் ஒரு தமிழக அரசு நிறுவனம் இருக்கு. ஊர்க்காரங்க பலருக்கே தெரியாது. கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு மூன்றும் சேரும் இந்த எல்லைப் பகுதி, பிளேக் கிருமி காட்டு எலிகளிடையே நீடித்து வாழக்கூடிய இடங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1966-ல் பக்கத்துக் கோலார் பகுதியில் மனிதர்களுக்குப் பிளேக் வந்தது. அதுக்கப்புறம் 1994 வரை இந்தியாவில் மனிதர்களிடம் பிளேக் பதிவாகவில்லை.

இந்தப் பக்கத்து பிளேக் வரலாற்றைப் படிச்சுக்கிட்டிருந்தப்போ ஒரு பழைய சண்டையில் போய் நின்றேன். அதன் மையத்தில் இருந்தது ஒரு சாயம். நான் ஆய்வகத்தில் செய்த ஒரு தவறு எனக்குச் சரியாகப் புரிந்தது அதைப் படிச்ச பிறகுதான்.

முதலில் சாயத்தைப் பற்றி. 1884-ல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம், பெர்லினில் கார்ல் ஃப்ரீட்லெண்டரிடம் வேலை செய்துகொண்டிருந்தார். நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் துண்டுகளில் கிருமியைத் தனியாகத் தெரிய வைப்பதுதான் அவர் நோக்கம். ஊதாச் சாயம் போட்டு, மேலே அயோடின் ஊற்றி, பிறகு ஆல்கஹாலில் கழுவினார். திசுவின் நிறம் போனது, கிருமி மட்டும் ஊதாவாக நின்றது. ஆனால் டைஃபாய்டு கிருமி மாதிரி சில, திசுவோடு சேர்ந்து நிறம் இழந்தன. கிராமுக்கு அது ஒரு குறையாகத்தான் தெரிந்தது. அந்தக் 'குறை'யை வைத்துத்தான் இன்றைக்கு பாக்டீரியாக்களை கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் என்று பிரிக்கிறோம். நிறம் இழந்ததைச் சிவப்பாகக் காட்டும் இரண்டாவது சாயம் பின்னால் வந்தது.

காரணம் செல்சுவர்தான். பாசிட்டிவ் கிருமிக்குச் சுவர் தடிமன். ஆல்கஹால் பட்டதும் அது நீர் இழந்து சுருங்கி, உள்ளே இருக்கும் ஊதா, அயோடின் கூட்டை அடைத்துக்கொள்ளும். நெகட்டிவ் கிருமிக்குச் சுவர் மெல்லியது, வெளியே ஒரு கொழுப்புச் சவ்வு இருக்கும். ஆல்கஹால் அந்தச் சவ்வைக் கரைத்துவிடும், ஊதா வெளியே ஓடிவிடும். ஆக, இந்தச் சோதனை உண்மையில் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: சுவர் முழுசா இருக்கா, சாயத்தைப் பிடிச்சு வைக்க முடியுதா?

இப்போ ஹாங்காங். 1894 ஜூன் 12-ல் ஜப்பானிலிருந்து கிடசாட்டோ ஷிபாசபுரோ வந்திறங்கினார். பெர்லினில் ராபர்ட் கோக்கிடம் வேலை செய்தவர், பெரிய பெயர். பிரிட்டிஷ் அதிகாரிகள் அவருக்கு இடம், பிணங்கள், உதவி எல்லாம் கொடுத்தாங்க. மூணு நாள் கழிச்சு அலெக்ஸாண்டர் யெர்சின் வந்தார். அவருக்கு எதுவும் கிடைக்கலை. ஒரு வைக்கோல் குடிசை போட்டுக்கொண்டு, பிணங்களைப் புதைக்கும் வேலையிலிருந்த மாலுமிகளுக்குக் காசு கொடுத்து, இறந்தவர்களின் நெறிக்கட்டியிலிருந்து சாம்பிள் எடுத்தார்.

கிடசாட்டோ முக்கியமாகப் பார்த்தது இறந்தவரின் ரத்தத்தையும் உள்ளுறுப்புகளையும். இறந்து சில மணி நேரத்தில் மற்ற கிருமிகளும் ரத்தத்தில் பரவத் தொடங்கிவிடும். யெர்சின் எடுத்த நெறிக்கட்டியில் பிளேக் கிருமி கிட்டத்தட்டத் தனியாகவே குவிந்திருந்தது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. கிடசாட்டோவிடம் உடல் சூட்டில் வைக்கும் இன்குபேட்டர் இருந்தது. யெர்சினிடம் இல்லை, ஜூன் மாத ஹாங்காங் வெக்கையிலேயே வளர்த்தார். பிளேக் கிருமிக்குப் பிடித்தது சுமார் 28 டிகிரிதான். 37 டிகிரியில் நன்றாக வளர்வது நிமோனியாக் கிருமியான நியூமோகாக்கஸ் போன்றவை.

யெர்சின் எழுதியது தெளிவாக இருந்தது: முனை உருண்ட குட்டைக் கோல், கிராம் சாயத்தைப் பிடிக்கவில்லை. கிடசாட்டோவோ, 1894 ஆகஸ்டில் லண்டன் லான்செட் இதழில் வந்த அறிக்கையில், கிராம் முறையில் நிறம் நிற்குமா நிற்காதா என்று இப்போதைக்குச் சொல்ல முடியவில்லை என்ற கருத்தில் எழுதினார். பிறகு ஜப்பானியக் குழுவின் பக்கத்திலிருந்து வந்த விவரிப்புகளில் கிராம் பாசிட்டிவ் என்பதும் கலந்தது. 1976-ல் பைபெல், சென் என்ற இருவர் எல்லா ஆவணங்களையும் வரிசையாகப் பார்த்தார்கள். கிடசாட்டோவும் பிளேக் கிருமியைப் பார்த்திருக்கலாம், ஆனால் அவர் கல்ச்சரில் நியூமோகாக்கஸ் கலந்துவிட்டிருக்கும் என்பது அவர்கள் முடிவு.

இதைக் கையால் ஸ்லைடு போட்டவங்க உடனே புரிஞ்சுக்குவாங்க. பிளேக் கிருமி இரு முனையிலும் அழுத்தமாகச் சாயம் ஏறும், நடு வெளிறும். குட்டைக் கோல் என்பதால் பார்க்க இரண்டு புள்ளி மாதிரி இருக்கும். நியூமோகாக்கஸ் நிஜமாகவே இரண்டு இரண்டாக நிற்கும் உருண்டை. அது புதுசாக இருந்தால் ஊதா. ஆனால் நியூமோகாக்கஸ் தன் சுவரைத் தானே கரைத்துக்கொள்ளும் குணம் உள்ளது, கல்ச்சர் பழசானால் சிவப்பாகிவிடும். அப்போ ஒரே ஸ்லைடில் ஊதா ஜோடி, சிவப்பு ஜோடி, சிவப்பு முனைகள் எல்லாம் கலந்து தெரியும். 'சொல்ல முடியவில்லை' என்று எழுதியது அந்த வகையில் நேர்மையான பதில்தான்.

இனி என் கதை. சில வருஷம் முன்னாடி ஓசூரில் ஒரு உணவுத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் இருந்தேன். உகாதிக்கு இங்கே பாதிப் பேர் ஊருக்குப் போவாங்க. அந்தத் தடவை வெள்ளிக்கிழமை இன்குபேட்டரில் வைத்த பிளேட்டை யாரும் எடுக்கலை, திங்கள் காலையில்தான் பார்த்தேன். ஒரு கல்ச்சரை எடுத்து கிராம் போட்டேன். பெரும்பாலும் சிவப்புக் கோல்கள். 'கிராம் நெகட்டிவ் கோல், குடல் வகைக் கிருமியாக இருக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தேன். அந்த பேட்ச் வெளியே போகாம நிறுத்தி வைக்கப்பட்டது. லாரி வாசலிலே நின்றது.

மேடம் ஸ்லைடை வாங்கி எண்ணெய் லென்ஸில் ரொம்ப நேரம் பார்த்தாங்க. "தம்பி, இந்த ஓட்டையைப் பார்த்தியா?" என்றாங்க. பல கோல்களின் நடுவே சாயமே ஏறாத முட்டை வடிவ வெற்றிடம். அது ஸ்போர். குடல் வகைக் கிருமி ஸ்போர் உண்டாக்காது. கூடவே ஒரே சங்கிலியில் ஒரு கோல் முழுசா ஊதா, அடுத்தது பாதி ஊதா, அதுக்கடுத்தது சிவப்பு. இது பாசில்லஸ், கல்ச்சர் பழசாகிவிட்டது, அவ்வளவுதான்.

அன்று மாலையே கல்ச்சரைப் புதிய ஊடகத்துக்கு மாற்றி, 18 மணி நேரம் கழித்துத் திரும்பப் போட்டோம். தடித்த கோல்கள், சங்கிலியாக, எல்லாம் ஊதா. உறுதிக்கு இன்னொன்றும் செய்தோம்: ஒரு துளி 3 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கல்ச்சரைக் கலக்கினோம். நெகட்டிவ் என்றால் செல் உடைந்து டிஎன்ஏ வெளியே வந்து, குச்சியைத் தூக்கும்போது நூல் மாதிரி இழுபடும். எங்களுக்கு நூல் வரலை.

இதில் கவனிக்க வேண்டியது, தவறுக்கு ஒரு திசை உண்டு என்பது. பழைய கல்ச்சரும், அளவுக்கு மீறிக் கழுவுவதும், இரண்டும் ஒரே பக்கம், சிவப்புப் பக்கம் தள்ளும். ஆனால் ஸ்லைடில் இரண்டும் ஒரே மாதிரி தெரியாது. பழைய கல்ச்சரில் ஒவ்வொரு செல்லின் சுவரும் ஒவ்வொரு நிலையில் இருக்கும், அதனால் பக்கத்துப் பக்கத்திலேயே ஊதா, சிவப்பு, வெளிறிய நிழல் என்று கலவை. மீறிக் கழுவினால் ஸ்லைடின் பெரும்பகுதி ஒரே சீராகச் சிவந்துவிடும், வடிவத்துக்கு எந்தப் பழுதும் இருக்காது. திராட்சைக் கொத்து மாதிரி நிற்கும் உருண்டைகள் எல்லாம் அழகான சிவப்பில் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கையைத்தான். அசிட்டோன் கலந்த கரைசலில் இது சில வினாடி விஷயம். ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து, வழியும் நீர் நிறமற்றுப் போகும் அந்த நொடியிலேயே தண்ணீரில் கழுவி நிறுத்தணும்.

எதிர்ப்பக்கம் தள்ளுவது தடித்த பூச்சு. குழம்பு மாதிரி பூசினால் உள்ளே ஆல்கஹால் போய்ச் சேராது, நெகட்டிவும் ஊதாவாக நிற்கும். சீழ், சளி ஸ்லைடு என்றால் கண்டுபிடிப்பது சுலபம்: நம் உடம்பின் வெள்ளணுக்களின் கரு சிவப்பாக இருக்கணும். அதுவே ஊதாவாக இருந்தால் அந்த இடத்தில் பார்க்கும் எந்த ஊதாக் கிருமியையும் நம்பக் கூடாது. தொழிற்சாலைப் பிளேட்டில் வெள்ளணு கிடையாது. அதனால்தான் அதே ஸ்லைடின் ஒரு ஓரத்தில் தெரிந்த ஸ்டஃபைலோகாக்கஸையும், மறு ஓரத்தில் ஈ. கோலையையும் பூசுகிறோம். இந்த இரண்டும் சரியாக வந்தால் நடுவில் இருப்பதை நம்பலாம். ஆனால் கட்டுப்பாடு சரியாக வந்தும் கல்ச்சர் பழசு என்றால் ஏமாறுவோம். அன்று என் ஓரங்கள் இரண்டும் சரியாகத்தான் வந்திருந்தன.

ஹாங்காங்கிலிருந்து பிளேக் 1896-ல் பம்பாய் வந்தது, 1898-ல் பெங்களூரு வந்தது. அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த ஓசூருக்கு அது ரொம்பப் பக்கம். பெங்களூரில் இன்னும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. யெர்சினின் கிருமிக்கு 1944-ல் அவர் பெயரையே பேரினப் பெயராக முன்மொழிந்தார்கள்.

லாரி செவ்வாய் மதியம் கிளம்பியது. அதிலிருந்து நான் ஸ்லைடு அறிக்கையில் ஒரு வரி கூடுதலாக எழுதுகிறேன்: கல்ச்சரின் வயது, மணி நேரத்தில். அது 24-ஐத் தாண்டியிருந்தால் நிறத்தை எழுத மாட்டேன், 'திரும்ப வளர்த்துப் பார்க்கவும்' என்று மட்டும் எழுதுவேன்.