மின்னேற்ற இருப்பு மதிப்பீடு (சிறு ரோபோக்களின் லித்தியம் பேட்டரியில்)

ஒரு பேட்டரி முழுதாக நிறைந்திருக்கும்போது தரக்கூடிய மின்னேற்றத்தில் இப்போது எத்தனை விழுக்காடு மிச்சம் இருக்கிறது என்பதே மின்னேற்ற இருப்பு. இதை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் இல்லை. அளக்கக்கூடிய வேறு ஒன்றிலிருந்து கணித்துத்தான் சொல்ல வேண்டும். நடைமுறையில் அதற்கு இரண்டு வழிகள் உண்டு. பேட்டரி முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தை அளந்து, அதற்குரிய இருப்பை ஒரு வளைகோட்டிலிருந்து படிப்பது ஒன்று. உள்ளே போன, வெளியே வந்த மின்னோட்டத்தை நொடிக்கு நொடி கூட்டிக் கழித்துக் கணக்கு வைப்பது மற்றொன்று. இரண்டும் லித்தியம் பேட்டரிக்கு முன்பே பிறந்தவை. நெடுங்காலம் தனித்தனியாக வளர்ந்தவை.

கணக்கு வைக்கும் வழிக்கு அடிப்படை மைக்கேல் ஃபாரடே 1830-களில் வகுத்த மின்னாற்பகுப்பு விதிகள். கடந்துபோன மின்னேற்றம் எவ்வளவோ, அதற்கு நேர்விகிதத்தில் மின்வாயில் பொருள் படியும் அல்லது கரையும். இதையே தாமஸ் எடிசன் 1880-களில் தொழிலாக்கினார். வீடுகளுக்குத் தந்த மின்சாரத்தின் சிறு பங்கை ஒரு துத்தநாகக் கரைசல் வழியே ஓடவிட்டு, அதிலிருந்த துத்தநாகத் தகடுகளைக் கழற்றி எடைபோட்டுப் பில் எழுதினார்கள். மொத்த மின்னோட்டத்தையும் கருவிக்குள் விடாமல், குறைந்த தடை ஒன்றின் பக்கவாட்டில் சிறு பங்கை மட்டும் பிரித்து அளக்கும் அந்த உத்தி இன்றைய ரோபோவின் ஷண்ட் தடை வரை தொடர்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மின்சாரக் கார்களில் ஆம்பியர்-மணி மீட்டர் பொருத்தப்பட்டது. வண்டி ஓடும்போது முள் ஒரு பக்கம் நகரும். சார்ஜ் ஏற்றும்போது திரும்பி வரும். ஈய-அமில பேட்டரியில் ஏற்றியது முழுவதும் திரும்பக் கிடைக்காது என்பதால், ஏற்றும் திசையில் முள் மெதுவாக நகரும்படி அமைத்தார்கள். கணக்கில் ஒழுகல் உண்டு என்பதை அன்றைக்கே ஒப்புக்கொண்ட கருவி அது. வேகமாக மின்சாரம் எடுத்தால் கிடைக்கும் மொத்த அளவே குறைகிறது என்பதை ஜெர்மானியரான போய்கர்ட் 1897-இல் ஒரு சூத்திரமாகவே எழுதியிருந்தார்.

மின்னழுத்த வழிக்கு அடித்தளம் 1889-இல் வெளிவந்த நெர்ன்ஸ்ட் சமன்பாடு. மின்வாயில் வேதிப்பொருளின் செறிவு மாறினால் மின்னழுத்தமும் மாறும் என்கிறது அது. ஆனால் நிக்கல் பேட்டரிகளில் இந்த வழிக்குப் பெரிய மதிப்பில்லை. நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல் தன் ஓட்டத்தின் பெரும்பகுதியை 1.2 வோல்ட்டைச் சுற்றியே கழித்துவிடும்; அந்த எண்ணிலிருந்து எதையும் படிக்க முடியாது. சார்ஜ் முடியும் தறுவாயில் அதில் கணிசமான மின்னேற்றம் வெப்பமாக வீணாவதால் கணக்கு வைப்பதும் தடுமாறியது.

1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயனி செல் இரண்டு வழிகளுக்கும் ஒரே நேரத்தில் உயிர் கொடுத்தது. போட்ட மின்னேற்றம் ஏறக்குறைய முழுவதும் திரும்ப வருகிறது. எனவே கூட்டல் கழித்தல் பொருந்துகிறது. ஓய்வில் இருக்கும் செல்லின் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டிலிருந்து படிப்படியாக இறங்குகிறது. எனவே வளைகோடும் ஏதோ சொல்கிறது. 1990-களில் மடிக்கணினி பேட்டரிக்குள்ளேயே கணக்கு வைக்கும் சில்லுகள் வந்தன. டூராசெல்லும் இன்டெல்லும் சேர்ந்து 1995-இல் வெளியிட்ட ஸ்மார்ட் பேட்டரி விதிமுறையில் `RelativeStateOfCharge()` என்றே ஒரு கட்டளை உண்டு. அதன்பின் ஆராய்ச்சி, இரண்டு வழிகளையும் எப்படிக் கலப்பது என்ற கேள்விக்கு நகர்ந்தது. கொலராடோவில் கிரெகரி பிளெட் 2004-இல் வெளியிட்ட மூன்று பகுதிக் கட்டுரை, கால்மன் வடிகட்டியின் விரிவாக்கப்பட்ட வடிவத்தை இதற்குப் பயன்படுத்திக் காட்டியது. கார்களில் அது வேரூன்றிவிட்டது. சிறு ரோபோவுக்கு அவ்வளவு தேவையில்லை; அதன் மூலக் கருத்தை எளிமையாகச் செய்தாலே போதும்.

சிறு ரோபோக்களின் கதை சற்றே வேறு. ஐரோபோட் நிறுவனத்தின் ரூம்பா, தன் தொடர் இணைப்பில் மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை, மீதமுள்ள மில்லியாம்பியர்-மணி, மொத்தக் கொள்ளளவு என ஐந்தையும் 22 முதல் 26 வரை எண்ணிட்ட பொட்டலங்களாகத் தந்தது. ஆய்வகங்களில் பரவிய ராஸ் மென்பொருளில் `sensor_msgs/BatteryState` என்ற செய்தி வடிவம் வந்தது. அதில் `percentage` என்ற புலம் 0 முதல் 1 வரை இருக்க வேண்டும். அளக்கவில்லை என்றால் `NaN` என்று விட வேண்டும். அளக்காததை அளக்கவில்லை என்று சொல்ல வைக்கும் இந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த இடத்தை ஏதாவது ஓர் எண்ணால் நிரப்பிவிடும் ஆசை எல்லோருக்கும் வருகிறது.

2017-இல் வெளிவந்த டர்ட்டில்பாட்3 பர்கர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு கிலோ எடை, மூன்று செல்களைத் தொடராக இணைத்த 11.1 வோல்ட், 1800 மில்லியாம்பியர்-மணி பேட்டரி. ஒருமுறை ஏற்றினால் சுமார் இரண்டரை மணி நேரம் ஓடும் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. அதாவது சராசரியாக 720 மில்லியாம்பியர். அதன் ராஸ் 1 நிரலில் விழுக்காட்டுக்கு உரிய வரி இது:

```cpp
battery_state_msg.percentage = (float)(battery_state_msg.voltage / 11.1f);
```

முழு சார்ஜில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இந்த வரி 1.135 என்று சொல்லும். 11 வோல்ட்டில் ரோபோ எச்சரிக்கை ஒலி எழுப்பும். அப்போதும் இந்த வரி 0.99 என்றுதான் சொல்லும். இது இருப்பு அல்ல, பெயரளவு மின்னழுத்தத்துக்கான விகிதம். திரையில் 99 விழுக்காட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரோபோ நடுவழியில் நின்றுவிடும்.

அந்த வரிக்குப் பதிலாக வளைகோட்டை வைத்தால் என்ன ஆகும்? வழக்கமான கோபால்ட் வகைச் செல்லில், ஓய்வில் 4.15 வோல்ட் என்றால் இருப்பு ஏறக்குறைய 95 விழுக்காடு. 3.85-இல் பாதிக்குச் சற்று மேல்; 3.75-இல் கால்பங்கு அளவுக்கு வந்துவிடும். நடுப்பகுதியில் 0.1 வோல்ட்டுக்குள் 30 விழுக்காடு அடங்கிவிடுகிறது. ஒரு செல்லுக்கு 10 மில்லிவோல்ட் பிழை என்றால் 3 விழுக்காடு பிழை. மின்னழுத்தத்தைக் குறைத்து அளக்கும் தடைகள் ஒரு விழுக்காடு பிசகினாலே 11.4 வோல்ட்டில் 0.11 வோல்ட் தவறும். செல் ஒன்றுக்கு 38 மில்லிவோல்ட், அதாவது 11 விழுக்காடு. ஒரு நல்ல மல்டிமீட்டரை வைத்து ஒருமுறை ஒப்பிட்டுத் திருத்தினால் இந்தப் பிழை பெரும்பாலும் போய்விடும்.

அப்படிப் போகாதது சுமை இறக்கம். பேட்டரி, இணைப்பி, கம்பி எல்லாம் சேர்த்து 0.2 ஓம் தடை என்று கொள்வோம். சக்கரங்கள் இரண்டும் புறப்படும் நொடியில் 1.5 ஆம்பியர் எடுத்தால் 0.3 வோல்ட் காணாமல் போகும். செல் ஒன்றுக்கு 0.1 வோல்ட். வளைகோட்டின் தட்டையான நடுப்பகுதி முழுவதும் அந்த ஒரு நொடியில் கரைந்துவிட்டதாகக் கணக்கு சொல்லும். ரோபோ நின்றதும் விழுக்காடு மறுபடி ஏறும். மீதி குறைந்து, பிறகு சார்ஜ் போடாமலே கூடினால், நிரல் சுமையோடு சேர்த்து அளக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். நின்ற உடனே அளந்தாலும் சரியாகாது. செல்லுக்குள் அயனிகள் சமநிலைக்குத் திரும்ப அரைமணி முதல் சில மணி நேரம் வரை ஆகும். அதுவரை மின்னழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும்.

எனவே ஓடும்போது கணக்கு வைப்பதுதான் நம்பத்தக்கது. அதிலும் பொறிகள் உண்டு. மலிவாகக் கிடைக்கும் ஹால் வகை உணரியான ஏசிஎஸ்712-இன் 5 ஆம்பியர் வடிவம், ஆம்பியருக்கு 185 மில்லிவோல்ட் தரும். மின்னோட்டம் சுழியாக இருந்தால் வழங்கும் மின்னழுத்தத்தில் பாதியைக் காட்டும். 5 வோல்ட் வழங்கல் 4.9-க்கு இறங்கினால் சுழிப்புள்ளி 50 மில்லிவோல்ட் நகரும். அளக்கும் சில்லு வேறொரு நிலையான மின்னழுத்தத்தை ஆதாரமாகக் கொண்டிருந்தால், மின்னோட்டம் இல்லாமலே 270 மில்லியாம்பியர் ஓடுவதாகத் தோன்றும். பர்கரின் சராசரியில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 0.1 ஓம் ஷண்ட்டோடு வரும் ஐஎன்ஏ219 பலகை இந்த வகையில் எவ்வளவோ மேல். அதன் சுழிப் பிழை ஒரு மில்லியாம்பியர் அளவில்தான்.

இன்னொரு பொறி நிரலுக்குள் ஒளிந்திருக்கிறது. மீதியை 32-பிட் தசம எண்ணாக மில்லியாம்பியர்-மணியில் வைத்து, ஒவ்வொரு மில்லிநொடியும் கழிப்பது பலரின் வழக்கம். 1800-க்கு அருகே அந்த எண்ணின் மிகச் சிறிய படி 0.000122. ரோபோ சும்மா நின்று 200 மில்லியாம்பியர் எடுத்தால், ஒரு மில்லிநொடிக்குக் கழிக்க வேண்டியது 0.000056. அது அரைப் படியை எட்டாததால் விடை பழைய எண்ணுக்கே முழுமையாக்கப்படும். மணிக்கணக்கில் ரோபோ நின்றாலும் இருப்பு அசையாது. உணரி சரி, கம்பி சரி, கணக்கு மட்டும் ஓடாது. முழு எண்ணில் கூட்டினால் இந்தப் பிரச்சினை இல்லை:

```cpp
int64_t used_uAms = 0;
void tick(int32_t uA, uint32_t dt_ms) {
  used_uAms += (int64_t)uA * dt_ms;   // 3600000000 = 1 mAh
}
```

கணக்கு வைப்பவருக்குத் தொடக்க இருப்பும் மொத்தக் கொள்ளளவும் தெரியாது. இரண்டையும் ஓய்வு மின்னழுத்தம்தான் சொல்ல வேண்டும். பழைய பேட்டரி ஒன்று காலையில் 12.45 வோல்ட்டில், அதாவது 95 விழுக்காட்டில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 75 நிமிட ஓட்டத்தில் கணக்கு 900 மில்லியாம்பியர்-மணி. மேலே அச்சிட்ட 1800-ஐ நம்பினால் மீதி 45 விழுக்காடு. ஓய்வுக்குப் பின் வளைகோடு 39 என்கிறது. இறங்கியது 56 விழுக்காடு என்றால் உண்மையான கொள்ளளவு 900-ஐ 0.56-ஆல் வகுத்தால் கிடைக்கும் 1607. ஆனால் இந்த 39, தட்டையான பகுதியில் படித்த எண். 3 விழுக்காடு இப்படியோ அப்படியோ போனால் விடை 1525 முதல் 1698 வரை அலையும். இதை வைத்துக் கொள்ளளவைத் திருத்துவது அவசரம். அதே ஓட்டத்தைத் தொடர்ந்து, மொத்தம் 1400 எடுத்தபின் ஓய்வில் 10 விழுக்காடு என்று படித்தால், கொள்ளளவு 1647. அங்கே வளைகோடு செங்குத்தாக இறங்குவதால் 10 மில்லிவோல்ட் பிழைக்கு விடை 12 அளவுக்குத்தான் நகரும். இந்த எண்ணை எழுதிவைக்கலாம்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லுக்கு மாறும் ரோபோக்களில் இந்தத் திருத்தம் பாதிதான் வேலை செய்யும். அந்தச் செல் 3.3 வோல்ட்டை ஒட்டியே நெடுந்தூரம் ஓடும். அதோடு, ஏற்றி வந்த பின் ஓய்வில் காட்டும் மின்னழுத்தமும் இறக்கி வந்த பின் காட்டுவதும் ஒரே இருப்பில் வேறாக இருக்கும். அங்கே இரண்டு நுனிகளைத் தவிர வேறெங்கும் மின்னழுத்தத்தைக் கேட்பதில் பயனில்லை. சில நாளுக்கு ஒருமுறை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, மின்னோட்டம் தானாகச் சுருங்கி நின்றதும் கணக்கை 100 என்று மாற்றி எழுதுவதுதான் அந்த வகை பேட்டரிக்கு உள்ள வழி.