வழங்கி அணுகல் ஒப்படைப்புக் குறிப்பு

வழங்கி அணுகல் ஒப்படைப்புக் குறிப்பு என்பது, ஒரு நிறுவனத்தின் வழங்கிகளைப் பராமரிப்பவர் அப்பொறுப்பிலிருந்து விலகும்போது, அடுத்து வருபவருக்காக எழுதி வைக்கும் ஆவணம் ஆகும். ஒவ்வொரு வழங்கியையும் எவ்வழியாகச் சென்றடைவது, அதற்கு எந்தச் சாவி தேவை, புதியவருக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது ஆகிய மூன்றையும் இது கூறுகிறது. லினக்ஸ் வழங்கிகளில் பரவலாகப் பயன்படும் எஸ்.எஸ்.எச். முறையை ஒட்டி இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

சென்றடையும் வழி

தரவுத்தளம் போன்ற முக்கிய வழங்கிகளை இணையத்திலிருந்து நேரடியாக அணுக முடியாதபடி அமைப்பது வழக்கம். ஒரேயொரு கணினி மட்டும் வெளியுலகுக்குத் திறந்திருக்கும். முதலில் அதற்குள் நுழைந்தே உள்ளிருக்கும் வழங்கிகளுக்குச் செல்ல இயலும். இக்கணினி ஜம்ப் ஹோஸ்ட் அல்லது இடைவழங்கி எனப்படுகிறது. 2016ஆம் ஆண்டு வெளிவந்த ஓப்பன் எஸ்.எஸ்.எச். 7.3 பதிப்பு முதல், இவ்விரு படிகளையும் ஒரே கட்டளையில் முடிக்க `ProxyJump` என்னும் அமைப்பு உள்ளது. பயனரின் `~/.ssh/config` கோப்பில் அது பின்வருமாறு அமையும்:

```
Host bastion
    HostName 203.0.113.10
    User kumaran

Host db1
    HostName 10.0.2.15
    User kumaran
    ProxyJump bastion
```

இங்குள்ள முதல் முகவரி எடுத்துக்காட்டுகளுக்கென ஒதுக்கப்பட்டது. இனி `ssh db1` என்று தட்டினால் போதும். ஒப்படைப்புக் குறிப்பில் நீண்ட விளக்கத்தைவிட இந்தச் சில வரிகள் பயன் மிக்கவை. புதியவர் இவற்றைப் படியெடுத்து, பயனர் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு வழங்கிகளும் பயனரின் சொந்தக் கணினியில் உள்ள தனிச் சாவியைக் கொண்டே அவரை அடையாளம் காண்கின்றன. ஆகவே அவரது பொதுச் சாவி இரண்டு இடங்களிலும் `authorized_keys` கோப்பில் இருக்க வேண்டும். இதனை அறியாத பலர் தனிச் சாவியை இடைவழங்கியில் படியெடுத்து வைத்துவிடுகின்றனர். இடைவழங்கியில் ரூட் அதிகாரம் பெற்ற எவரும் அதனை எடுத்துக்கொள்ளலாம் என்பதால் இது ஆபத்தானது.

நுழைவு மறுக்கப்படும்போது பிழைச்செய்தியைக் கவனித்துப் படித்தல் வேண்டும். `Permission denied (publickey)` என்பதன் முன்னால் இடைவழங்கியின் முகவரி இருந்தால், பொதுச் சாவி அங்கேயே ஏற்கப்படவில்லை. உள்வழங்கியின் முகவரி இருந்தால், முதல் படி கடந்தாயிற்று, இரண்டாவதில்தான் குறை. `Connection timed out` எனில் பெரும்பாலும் சாவியில் குறை இல்லை. தீச்சுவர் தடுக்கிறது, அல்லது முகவரி தவறு.

சாவிகள்

குறிப்பில் தனிச் சாவியையோ கடவுச்சொல்லையோ எழுதுதல் கூடாது. ஒவ்வொரு வழங்கியிலும் யாருடைய சாவி உள்ளது என்பதை மட்டும், சாவியின் கைரேகை எனப்படும் சுருக்கக் குறியுடன் எழுத வேண்டும். அதனைப் பெறும் கட்டளை:

```
ssh-keygen -lf ~/.ssh/authorized_keys
```

இது கோப்பிலுள்ள ஒவ்வொரு சாவிக்கும் ஒரு வரி காட்டும். வரியின் இறுதியருகே காணப்படும் பெயர் வெறும் குறிப்புரையே. எவரும் எதையும் எழுதலாம். மூன்று சாவிகள் உள்ள கோப்பில் ஒன்றன் குறிப்புரை `root@old-laptop` என்றிருந்தால், அது விலகிச் செல்பவருடையதா, இரவில் காப்புநகல் எடுக்கும் நிரலுடையதா எனப் பெயரைக் கொண்டு கூற இயலாது. நிரலின் சாவியைத் தவறாக நீக்கினால் உடனே எதுவும் தெரியாது. காப்புநகல் நின்றுபோனது, அது தேவைப்படும் நாளில்தான் தெரியவரும். கைரேகையும் உரிமையாளரும் குறிப்பில் இருந்தால் இந்த ஐயம் எழாது.

சாவியை நீக்குவது புதிய நுழைவுகளை மட்டுமே தடுக்கும். ஏற்கெனவே திறந்துள்ள இணைப்பு தொடர்ந்து இயங்கும். அதனைத் தனியே துண்டிக்க வேண்டும்.

அனுமதி வழங்கும் அதிகாரம்

குறிப்பில் பெரும்பாலும் விடுபடும் பகுதி இதுவே. 2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் பிரான்சிசுக்கோ நகர நிர்வாகத்தில், வலையமைப்புக் கருவிகளின் கடவுச்சொற்கள் ஒரே பொறியாளரிடம் இருந்தன. மேலதிகாரிகள் கேட்டும் அவர் தர மறுத்து, சூலையில் கைதானார். வலையமைப்பு இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நிர்வாகத்தினரால் அதன் அமைப்புகளை மாற்ற இயலவில்லை. நகர மேயர் கேவின் நியூசம் சிறைக்கே சென்று சந்தித்த பின்னரே அவர் அவற்றைத் தந்தார். 2010இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

எனவே ஒவ்வொரு வழங்கிக்கும், சாவி சேர்க்கும் ரூட் அதிகாரம் கொண்ட இருவரையேனும் குறிப்பிடுவது நல்லது. அவர்களுள் ஒருவர் விலகிச் செல்பவராக இருக்கக் கூடாது. வழங்கி மேகக் கணிமை நிறுவனத்திடம் வாடகைக்கு எடுக்கப்பட்டதெனில், அந்தக் கணக்கு எந்த மின்னஞ்சல் முகவரியில் பதிவாகியுள்ளது என்பதும் தேவை. எல்லாச் சாவிகளும் தொலைந்தால், அக்கணக்கின் வழியாகவே மீண்டும் உள்ளே நுழைய இயலும். அது விலகியவரின் சொந்த முகவரியாக இருப்பது அரிதன்று.

சரிபார்த்தல்

விலகுபவர் பணியில் இருக்கும்போதே, புதியவர் அவரைக் கேட்காமல், குறிப்பை மட்டும் கொண்டு ஒவ்வொரு வழங்கியிலும் நுழைந்து பார்க்க வேண்டும். பின்னர் பழைய சாவிகளை நீக்கிவிட்டு மறுபடியும் நுழைய வேண்டும். நீக்கும்போது ஓர் இணைப்பைத் திறந்தே வைத்திருப்பது வழக்கம். தவறு நேர்ந்தால் அதன் வழியே திருத்தலாம். குறிப்பின் படி ஒன்றை இவ்வழங்கிகளுக்கு வெளியே வைப்பதும் இன்றியமையாதது. உள்வழங்கியில் மட்டும் இருக்கும் குறிப்பைப் படிக்க, அவ்வழங்கிக்குள் நுழையும் வழி முன்பே தெரிந்திருக்க வேண்டும்.