எடை குறைக்க வாக்கிங் போனால் குதிகாலும் முன்னங்காலும் வலிப்பது ஏன்? எந்தச் செருப்பு, எவ்வளவு தூரம்? முழு விவரம்

'தினமும் பத்தாயிரம் அடி நடந்தா வெயிட் குறையும்' என்று யாரோ சொல்ல, மறுநாள் காலையே கிளம்பிவிடுகிறார்கள் பலர். முதல் வாரம் உற்சாகமாகப் போகும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் பிரச்னை தொடங்கும். காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் குதிகாலில் ஊசி குத்துவது போல் வலி. அல்லது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பு ஓரமாக இழுத்துப் பிடிக்கும் வலி. 'நமக்கு வாக்கிங் செட் ஆகல' என்று அதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இந்த வலி ஏன் வருகிறது, எப்போது பயப்பட வேண்டும், எந்தக் காலணி போட வேண்டும், தூரத்தை எப்படிக் கூட்ட வேண்டும் என்று பார்ப்போம்.

8 கிலோமீட்டர் கணக்கு எங்கிருந்து வந்தது?

தமிழக அரசு 2023 நவம்பர் 4-ம் தேதி 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நீளத்துக்கு நடைபாதை என்பதுதான் திட்டம். சராசரி உயரம் உள்ளவருக்கு 8 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய பத்தாயிரம் அடி.

பத்தாயிரம் என்ற எண் மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்தது அல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பொருள்படும். அங்கிருந்துதான் இந்த எண் உலகம் முழுக்கப் பரவியது. எனவே இதைப் போய்ச் சேர வேண்டிய இடமாக வைத்துக்கொள்ளலாம், முதல் நாளே தொட வேண்டியது இல்லை.

வலி ஏன் இரண்டாவது வாரத்தில் வருகிறது?

நடக்கத் தொடங்கினால் மூச்சு வாங்குவது சீக்கிரமே குறையும். தசையும் சில வாரங்களில் பலப்படும். ஆனால் எலும்பும், தசைநாரும், பாதத்தின் அடியில் இருக்கும் தடித்த பட்டை போன்ற சவ்வும் புதிய சுமைக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். 'இன்னும் கொஞ்சம் நடக்கலாம்' என்று மூச்சு அனுமதிக்கும், கால் அதற்குத் தயாராக இருக்காது. இந்த இடைவெளியில்தான் வலி வருகிறது. உடல் எடை அதிகம் என்றால் ஒவ்வொரு அடியிலும் விழும் சுமையும் அதிகம்.

எந்த வலி, எந்த இடத்தில்?

முதலாவது குதிகால் வலி. மருத்துவர்கள் இதை 'பிளான்டார் ஃபேசைடிஸ்' என்பார்கள். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை ஓடும் அந்தச் சவ்வு, குதிகாலோடு சேரும் இடத்தில் பாதிக்கப்படுவதே காரணம். அடையாளம் எளிது. காலையில் வைக்கும் முதல் சில அடிகள்தான் மோசமாக இருக்கும், நடக்க நடக்கக் கொஞ்சம் விடும். வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தாலும் மறுபடி பிடிக்கும்.

இரண்டாவது முன்னங்கால் வலி. இது 'ஷின் ஸ்ப்ளின்ட்' எனப்படும். முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பின் உள்பக்க ஓரத்தில், கீழ்ப்பாதியில் வலிக்கும். விரலால் அழுத்திப் பார்த்தால் நான்கைந்து விரல் அகலத்துக்குப் பரவலாக வலி தெரியும்.

வேகமாக நடப்பவர்களுக்கு எலும்பின் வெளிப்பக்கத் தசை மட்டும் எரிவதும் உண்டு. பாதத்தை மேலே தூக்கும் தசை அது. வேகத்தைக் குறைத்து, அடியைச் சிறியதாக வைத்தால் இது பெரும்பாலும் அடங்கிவிடும்.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது: எலும்பில் மெல்லிய விரிசல். ஒரு விரல் நுனி அளவு இடத்தில் மட்டும் சுளீரென்று வலிக்கும். நடக்க நடக்கக் குறையாது, கூடும். படுத்திருக்கும்போதும் வலிக்கலாம். இப்படி இருந்தால் 'நடந்தா சரியாயிடும்' என்று நடக்கவே கூடாது, டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆரம்ப நாட்களில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம். எக்ஸ்ரே நார்மல் என்று வந்தாலும் வலி தொடர்ந்தால் மீண்டும் காட்டுங்கள்.

எதைப் போட்டுக்கொண்டு நடக்கிறீர்கள்?

நம் ஊரில் நிறைய பேர் வாக்கிங் போவது வீட்டில் போடும் ரப்பர் செருப்பில். அதில் குதிகாலைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. செருப்பு கழன்றுவிடாமல் இருக்க ஒவ்வொரு அடியிலும் விரல்கள் அதை இறுக்கிப் பிடிக்கின்றன. பத்து நிமிடத்துக்கு அது பிரச்னை இல்லை. ஒரு மணி நேரம் நடந்தால் பாதத்துக்கும் முன்னங்கால் தசைக்கும் அது கூடுதல் வேலை.

கடலூர் குடிகாடு பகுதியில் சிப்காட் ஆலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஷிப்ட் முடிந்ததும் அதே சேஃப்டி ஷூவோடு நடந்துவிடலாம் என்று தோன்றும். இரும்பு முனை வைத்த அந்த ஷூ, காலில் பொருள் விழுந்தால் காக்கச் செய்யப்பட்டது. கனமானது, அடிப்பாகம் எளிதில் வளையாது. வாக்கிங்குக்கு அது வேண்டாம்.

ஷூ வாங்கும்போது விலையைவிட இந்த நான்கு விஷயங்களைப் பாருங்கள். குதிகாலைச் சுற்றியுள்ள பின்பகுதியை விரலால் அழுத்தினால் அமுங்கிப் போகாமல் நிற்க வேண்டும். ஷூவை மடக்கினால் விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடங்கக் கூடாது. துணி பிழிவது போல் முறுக்கினால் எளிதில் முறுக்கிக்கொள்ளக் கூடாது. போட்டு நின்றால் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அப்போது கடைக்குப் போய், சாக்ஸ் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. 500 முதல் 800 கிலோமீட்டர் நடந்தபின் உள்ளே இருக்கும் மெத்தை அமுங்கிவிடும். தினமும் 5 கிலோமீட்டர் நடப்பவருக்கு இது நான்கைந்து மாதக் கணக்கு. மேலே பளபளப்பாக இருந்தாலும் அடிப்பாகம் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலில் நடக்கக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கல் குத்தியதும் கொப்புளம் வந்ததும் தெரியாது. செருப்புதான் வசதி என்றால், பின்பட்டை உள்ள எம்.சி.ஆர். செருப்பு பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நடந்து வந்ததும் இரண்டு பாதங்களின் அடியையும் பார்த்துவிடுங்கள்.

தரையும் முக்கியம்

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நடப்பவர்கள் கவனிக்க வேண்டியது மணல். மணலில் கால் புதைவதால் கெண்டைக்காலும் பாதமும் அதிகம் உழைக்கும். அலை ஓரத்து ஈர மணல் கெட்டியாக இருந்தாலும் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். ஒரே திசையில் நடந்தால் ஒரு கால் எப்போதும் மேட்டில், மற்றது பள்ளத்தில். சாலை ஓரத்திலும் இதே சரிவு உண்டு. சிதம்பரம் நான்கு வீதிகளிலும் கோயிலைச் சுற்றி ஒரே திசையில் நடப்பதால், சரிவு தினமும் அதே காலுக்குத்தான். ஒரே காலில் மட்டும் வலி என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். முதல் இரண்டு மாதங்கள் சமமான தரை, விளையாட்டு மைதானம் போன்ற இடங்கள் பாதுகாப்பு.

எவ்வளவு, எப்படிக் கூட்டுவது? ஓர் உதாரணம்

42 வயது, 84 கிலோ எடை, குடிகாட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் வாரம் அவர் புதிதாக எதுவும் செய்ய வேண்டாம், இப்போது எவ்வளவு நடக்கிறார் என்று மட்டும் எண்ண வேண்டும். ஆலைக்குள் போன் லாக்கரில் இருந்தால் வேலை நேரத்து அடிகள் கணக்கில் வராது. போன் 3,500 அடி என்று காட்டலாம், ஆனால் கால் எட்டு மணி நேரம் நின்று உழைத்திருக்கும். எனவே நின்று பார்க்கும் வேலை உள்ள நாளில் கூட்டாமல், லீவு நாளிலும் லேசான வேலை நாளிலும் கூட்டுவதே சரி.

பத்து நிமிட நடை என்பது ஏறக்குறைய 1,000 அடி. வாரத்துக்கு ஒருமுறை, தினசரி அளவில் பத்து நிமிடம் மட்டும் கூட்டலாம். 3,500-லிருந்து முதல் வாரம் 4,500, இரண்டாவது வாரம் 5,500, மூன்றாவது வாரம் 6,500. நான்காவது வாரம் கூட்டாமல் 5,500-க்கு இறங்க வேண்டும். கால் பழகிக்கொள்ளும் வாரம் இது. பிறகு 6,500, 7,500, 8,500, மறுபடி 7,500-க்கு ஓய்வு. இப்படியே போனால் 11-வது வாரத்தில் பத்தாயிரம் வந்துவிடும்.

தூரம் கூடும் வாரத்தில் வேகத்தைக் கூட்ட வேண்டாம். இரண்டில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். புது ஷூவுக்கும் இதே விதிதான்.

'இவ்வளவு மெதுவா போனா எப்படி எடை குறையும்?' என்று கேட்கலாம். 84 கிலோ உள்ளவர் 8 கிலோமீட்டர் நடந்தால், உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது சுமார் 300 முதல் 350 கலோரி. அதை ஒரே மூச்சில் நடந்தாலும், காலை, மாலை, இரவு என மூன்றாகப் பிரித்து நடந்தாலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பிரித்து நடந்தால் காலுக்கு நடுவில் ஓய்வு கிடைக்கும். வலி வந்து ஒரு மாதம் படுத்துவிட்டால் அந்தக் கணக்கு மொத்தமும் போய்விடும்.

வலி வந்துவிட்டால் நடக்கலாமா?

வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று நீங்களே போடுங்கள். நடக்கும்போது மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அதே அளவில் தொடரலாம். மறுநாள் காலை கூடியிருந்தால் முந்தைய வாரத்து அளவுக்குத் திரும்புங்கள். நொண்ட வைக்கும் வலி என்றால் நடையை நிறுத்தி, சில நாள் சைக்கிள் ஓட்டலாம்.

குதிகால் வலிக்கு, காலையில் தரையில் கால் வைக்கும் முன்பே இதைச் செய்யுங்கள். வலிக்கும் காலை மற்றக் கால் மேல் போட்டு, விரல்களைப் பிடித்து முழங்கால் பக்கமாக இழுங்கள். பாதத்தின் அடியில் நரம்பு போல ஒன்று விறைத்து நிற்பது கைக்குத் தெரியும். 10 விநாடி பிடித்து விடுங்கள், 10 முறை. நாளைக்கு மூன்று தடவை. இதில் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், இரண்டு நாளில் விட்டுவிடாதீர்கள்.

முன்னங்கால் வலிக்கு ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 நிமிடம் வைக்கலாம். உணர்ச்சி குறைந்த காலில் ஐஸோ வெந்நீரோ வேண்டாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடப்பது தவறு. வலி மறையும், காயம் தொடரும்.

உடனே டாக்டரைப் பார்க்க வேண்டியது எப்போது?

• விரல் நுனி அளவு இடத்தில் எலும்பு வலி, இரவிலும் வலி.

• ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து இருந்தால். ரத்தம் உறைந்திருக்கலாம் என்பதால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

• ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே தூரத்தில் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிட்டால். இது ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். புகைப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

• பாதத்தில் மரத்துப்போதல், ஆறாத புண்.

• நடையைக் குறைத்தும் இரண்டு, மூன்று வாரத்தில் குறையாத வலி.

கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றில் காட்டலாம். போகும்போது நீங்கள் நடக்கப் பயன்படுத்தும் ஷூவையோ செருப்பையோ எடுத்துச் செல்லுங்கள். அடிப்பாகம் எங்கே தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தே, சுமை எங்கே விழுகிறது என்று டாக்டரால் ஊகிக்க முடியும்.